அட்டவணை ஒன்று சொல்ல, பிரிவு வேறொன்று சொல்ல: குத்தகை உடன்படிக்கை தன்னோடு தானே முரண்படுவது எப்படி?

காணி உறுதியைக் கையில் எடுத்தால் நம்மில் பலர் நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவோம். "மேலே சொல்லப்பட்ட அட்டவணை" என்ற தலைப்பின் கீழ் காணியின் பெயர், பரப்பு, நாலு பக்க எல்லை எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கங்களில் இருப்பது சட்டத்தரணியின் மொழி, நமக்குரியது அட்டவணை என்ற எண்ணம் பரம்பரையாக நம்மிடம் இருக்கிறது. உறுதி எழுதும் ஒருவர் தவறு விட்டால் அது பெரும்பாலும் அந்த முன்பக்கங்களுக்கும் கடைசிப் பக்கத்துக்கும் இடையில்தான் நிகழ்கிறது. இரண்டையும் தனித்தனியாக வாசித்தால் இரண்டும் சரியாக இருக்கும். சேர்த்து வாசித்தால் ஒன்றையொன்று வெட்டும்.

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களின் காணிகள் பல இப்போது குத்தகைக்குக் கேட்கப்படுகின்றன. தொலைபேசிக் கோபுரத்துக்கும் களஞ்சியத்துக்கும் சூரிய மின்கலங்களுக்கும் கேட்கிறார்கள். கேட்டு வருபவர் நிறுவனம் என்றால் உடன்படிக்கையைத் தயாரிப்பதும் பெரும்பாலும் நிறுவனம்தான். உரித்தாளர்களில் ஒருவர் கனடாவில், இன்னொருவர் பிரான்சில், ஊரில் இருக்கும் ஒருவர் மட்டும் அற்றோணித் தத்துவத்தோடு ஒப்பமிடுகிறார். வரைவு வட்ஸ்அப்பில் சுற்றும். அதன் பின்னிணைப்புகள் பல வேளைகளில் சுற்றுவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு உடன்படிக்கையை, ஒப்பமிடுவதற்கு முன்னர், குடும்பமொன்று என்னிடம் வாசிக்கத் தந்தது. நான் சட்டத்தரணி அல்ல. எனவே அதை ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். கோபுரம் ஒன்றுக்காகப் பத்து வருடக் குத்தகை. காணியின் அடையாளத்தையும் தொகைகளையும் மாற்றி, அதில் கண்ட சிக்கல்களை இங்கே தருகிறேன். இவை அந்த ஒரு ஆவணத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

அட்டவணையும் பின்னிணைப்பும்

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடன்படிக்கையின் உடல் என்பது இலக்கமிட்ட பிரிவுகள். யார் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பதை அவை சொல்லும். அட்டவணை என்பது அந்தப் பிரிவுகளுக்குத் தேவையான விபரம். காணி விபரமும் வாடகைப் பட்டியலும் அதில் அடங்கும். பின்னிணைப்பு என்பது பொதுவாக வேறொரு இடத்தில் தயாரிக்கப்பட்டு இதனோடு சேர்க்கப்படும் ஆவணம். நில அளவைப் படமும் அனுமதிக் கடிதமும் இந்த வகை.

பெயர் எதுவாக இருந்தாலும் முக்கியமான விடயம் ஒன்றுதான். அட்டவணை தானாக எதையும் செய்யாது. உடலில் உள்ள ஏதாவது ஒரு பிரிவு அதைக் கூப்பிட வேண்டும். "இரண்டாம் அட்டவணையில் விபரிக்கப்பட்ட காணி" என்று ஒரு பிரிவு சொன்னால்தான் அந்த அட்டவணைக்கு உயிர். எந்தப் பிரிவும் கூப்பிடாத அட்டவணை, ஆவணத்தில் இருந்தும் இல்லாததைப் போன்றது. தவறான பிரிவு கூப்பிட்டால் அது இன்னும் மோசம்.

முதலாம் அட்டவணையா, இரண்டாம் அட்டவணையா?

குடும்பத்தின் காணி நாலு பரப்பு. கோபுரத்துக்குக் கேட்கப்பட்டது அதில் ஒரு பரப்பு மட்டும். நிறுவனத்தின் முதல் வரைவில் ஒரேயொரு அட்டவணை இருந்தது. அதில் அந்த ஒரு பரப்பு விபரிக்கப்பட்டிருந்தது. பிரிவு 1 இப்படி இருந்தது: "அட்டவணையில் விபரிக்கப்பட்ட காணியைக் குத்தகைக்குக் கொடுப்பவர் இத்தால் குத்தகைக்குக் கொடுக்கிறார்." இதில் பிழை இல்லை.

பிறகு, அந்த ஒரு பரப்பு எந்தப் பெரிய காணியிலிருந்து பிரிகிறது என்பதையும் காட்டவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதுவும் சரியான ஆலோசனைதான், உரித்தைக் காட்ட அது தேவை. எனவே நாலு பரப்புக் காணி முழுவதும் "முதலாம் அட்டவணை" ஆக உள்ளே வந்தது. பழைய அட்டவணை "இரண்டாம் அட்டவணை" ஆனது. பிரிவு 1இல் இருந்த "அட்டவணை" என்ற சொல்லை யாரோ "முதலாம் அட்டவணை" என்று மாற்றிவிட்டார்கள்.

இப்போது வாசித்துப் பாருங்கள். ஒரு பரப்புக்குப் பேசிய வாடகைக்கு நாலு பரப்பும் பத்து வருடத்துக்குக் குத்தகை. அதே ஆவணத்தின் பிரிவு 7, "இரண்டாம் அட்டவணைக் காணியைச் சுற்றி குத்தகைக்காரர் வேலி அமைக்கவேண்டும்" என்கிறது. ஒரு பிரிவு முழுக் காணியையும் கொடுக்கிறது. இன்னொரு பிரிவு ஒரு பரப்புக்கு மட்டும் வேலி போடச் சொல்கிறது. மீதி மூன்று பரப்பில் வீடு கட்டலாமா, விற்கலாமா என்ற கேள்விக்கு ஆவணம் இரண்டு பதில் தருகிறது.

"நாங்கள் பேசினது ஒரு பரப்புக்குத்தானே, அவர்களுக்கும் தெரியும்" என்று அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சொன்னார். இங்கேதான் கவனம் வேண்டும். இலங்கையில் காணி விற்பனையும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அப்படி எழுதப்பட்ட ஒன்றின் நிபந்தனைகளை மாற்றவோ மறுக்கவோ வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுவருவதைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. தவறு, மோசடி போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் எத்தனை தவணை போகவேண்டிவரும் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பரப்பு என்றால் எந்தப் பரப்பு?

அட்டவணைக்கு உள்ளேயே முரண்பாடு இருக்கலாம். வடக்கில் லாச்சம் அல்லது பரப்பு என்ற அளவு இரண்டு விதமாக இருக்கிறது. வரகுக் கல்ச்சர் என்றால் ஒரு லாச்சம் 18 குழி, அதாவது 10 பேர்ச். நெல்லுக் கல்ச்சர் என்றால் ஒரு லாச்சம் 12 குழி, கிட்டத்தட்ட ஆறே முக்கால் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஏக்கருக்கு முதலாவது கணக்கில் 16 லாச்சம், இரண்டாவது கணக்கில் 24 லாச்சம்.

நாம் பார்த்த உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் "4 லாச்சம்" என்று மட்டும் இருந்தது. எந்தக் கல்ச்சர் என்று இல்லை. வரகு என்றால் 40 பேர்ச். நெல் என்றால் 27 பேர்ச்சுக்கும் குறைவு. பழைய உறுதியில் "வரகு" என்ற சொல் இருந்தது, தட்டச்சில் அது விடுபட்டுப்போனது. நில அளவைப் படத்தில் ஹெக்டேயரில் 0.1012 என்று இருந்தபடியால் அது வரகுக் கணக்கு என்று கண்டுகொள்ள முடிந்தது. படம் இல்லாமலிருந்தால் கேள்வி நின்றிருக்கும்.

பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எது வெல்லும் என்று பலர் கேட்பார்கள். எல்லைகள் தெளிவாக, காணியைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்டுமானால், பரப்பளவில் உள்ள வித்தியாசத்தை விபரிப்பில் ஏற்பட்ட வழுவாகவே நமது நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொண்டுள்ளன. ஆனால் அது எல்லை தெளிவாக இருக்கும்போது மட்டும். இந்த இரண்டாம் அட்டவணையின் எல்லைகளைப் பாருங்கள்: "வடக்கு, கிழக்கு, தெற்கு: இதே காணியின் மிகுதி. மேற்கு: ஒழுங்கை." பெரிய காணியிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து எழுதும்போது இது வழக்கமான வாசகம். ஆனால் மூன்று பக்கமும் "மிகுதி" என்றால் அந்த ஒரு பரப்பு ஒழுங்கையின் எந்த இடத்தில் தொடங்குகிறது? கிணற்றடியா, பழைய வீட்டு அத்திவாரமா? எல்லை எதையும் சொல்லவில்லை. இங்கே துண்டைப் பிடித்துவைத்திருப்பது நில அளவைப் படம் ஒன்றுதான்.

யுத்தத்துக்கு முன்னர் இது அவ்வளவு சிக்கலாக இருந்திருக்காது. கதியால் வேலியும் எல்லைப் பனையும் அயலவரின் ஞாபகமும் இருந்தன. வேலி போய், பனை தறிபட்டு, அயலவரும் போன இடங்களில் காகிதத்தில் உள்ள அடையாளம்தான் மிச்சம்.

அந்தப் படத்திலும் ஒரு பிசகு. இரண்டாம் அட்டவணை ஒரு படத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிடுகிறது. பின்னிணைப்பாக வந்த படத்தின் இலக்கமும் திகதியும் வேறு. நிறுவனம் முதலில் ஒரு முறை அளந்து, பிறகு கோபுரத்தின் இடத்தை மாற்றி மறுபடி அளந்திருக்கிறது. அட்டவணையில் பழைய படத்தின் இலக்கம் அப்படியே நின்றுவிட்டது. எழுத்தின்படி குத்தகைக்குப் போவது ஒரு மூலை, படத்தின்படி போவது இன்னொரு மூலை.

வாடகை: பிரிவு ஒன்று, பட்டியல் இன்னொன்று

பிரிவு 4 சொல்வது: மாத வாடகை 40,000 ரூபா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 10 வீதம் கூடும். மூன்றாம் அட்டவணையில் ஒரு வாடகைப் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் மூன்று வருடம் 40,000, அடுத்த மூன்று வருடம் 44,000, அதற்கடுத்த மூன்று வருடம் 48,400, பத்தாம் வருடம் 53,240. அதாவது பட்டியல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூட்டுகிறது.

ஒவ்வொன்றையும் பத்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். பிரிவு 4இன்படி மொத்தம் 5,860,896 ரூபா. பட்டியலின்படி 5,405,280 ரூபா. வித்தியாசம் 455,616 ரூபா. முதல் இரண்டு வருடமும் இரண்டு கணக்கும் ஒன்றுபோலவே இருக்கும், எனவே ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மூன்றாம் வருடம் முதல் மாத வாடகை வங்கிக்கு வரும்போதுதான் பிரச்சினை வெளியே வரும்.

இது எப்படி ஏற்படுகிறது? ஒரே விடயத்தை இரண்டு இடத்தில் எழுதுவதால். பேச்சுவார்த்தையில் மூன்று வருடம் இரண்டு வருடமாக மாறியபோது பிரிவைத் திருத்தியவர் பட்டியலைத் திருத்தவில்லை. நல்ல வரைவில் ஒரு விடயத்துக்கு ஒரு வீடுதான் இருக்கும். "மாத வாடகை மூன்றாம் அட்டவணையில் உள்ளவாறு" என்று பிரிவில் எழுதினால், தொகை பட்டியலில் மட்டும் இருக்கும். பிறகு மாற்றவேண்டிய இடமும் ஒன்றே.

இப்படியான மோதலுக்கென்றே நீண்ட உடன்படிக்கைகளில் ஒரு முன்னுரிமைப் பிரிவு வைப்பார்கள்: "பிரிவுகளுக்கும் அட்டவணைகளுக்கும் இடையில் முரண்பாடு இருப்பின் பிரிவுகளே மேலோங்கும்." இந்த உடன்படிக்கையிலும் அது இருந்தது. ஆனால் மூன்றாம் அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில், "வாடகை தொடர்பில் இவ்வட்டவணையே இறுதியானது" என்றும் இருந்தது. மேலோங்குவது எது என்று தீர்க்க வந்த இரண்டு வாசகங்களும் தம்முள் மோதுகின்றன. முன்னுரிமைப் பிரிவு இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. அது ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நீதிமன்றம் போனால் பொதுவான வாசகத்தை விடக் குறிப்பான வாசகத்துக்கு இடம் கொடுப்பது, தெளிவில்லாததை எழுதிய தரப்புக்கு எதிராக வாசிப்பது போன்ற வழிகள் உண்டு. அவை வழக்கு வந்த பிறகு சட்டத்தரணி எடுக்கும் ஆயுதங்கள். ஒப்பமிடுபவர் அவற்றை நம்பி ஒப்பமிடக்கூடாது.

இலக்கம் நகர்ந்தது, சுட்டல் நகரவில்லை

நான்காவது சிக்கல்தான் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவது. முதல் வரைவில் பிரிவு 12 இப்படி இருந்தது: மூன்று மாத வாடகை நிலுவையானால் உரித்தாளர் குத்தகையை முடிவுறுத்தலாம். பிரிவு 15 சொன்னது: "12ஆம் பிரிவின் கீழ் குத்தகை முடிவுறுத்தப்பட்டால், குத்தகைக்காரர் 60 நாட்களுக்குள் கோபுரத்தையும் அத்திவாரத்தையும் தமது செலவில் அகற்றவேண்டும்."

பிறகு, மின்பிறப்பாக்கிக்கு டீசல் கொண்டுவரும் வாகனத்துக்கான பாதை பற்றிப் புதிய பிரிவு ஒன்று 5ஆவதாகச் செருகப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த எல்லா இலக்கமும் ஒன்று கூடின. வேலி பற்றிய 6ஆம் பிரிவு 7 ஆனது. முடிவுறுத்தல் 13 ஆனது. அகற்றுதல் 16 ஆனது. ஆனால் 16இன் உள்ளே இருந்த "12ஆம் பிரிவின் கீழ்" அப்படியே நின்றது. புதிய 12ஆம் பிரிவு எதைப் பற்றியது? ஆதன வரியை யார் கட்டுவது என்பது பற்றியது. ஆதன வரிப் பிரிவின் கீழ் எவரும் குத்தகையை முடிவுறுத்த முடியாது. ஆகவே கோபுரத்தை அகற்றும் கடமை எப்போதும் தொடங்காது. வாடகை வராமல் குத்தகையை முடித்துக்கொண்டாலும் காணியில் இரும்பும் கொங்கிரீட்டும் நிற்கும்.

கணினியில் தட்டச்சு செய்பவர்கள் பிரிவு இலக்கத்தைத் தானியங்கியாக வைத்து, சுட்டலைக் கையால் தட்டும்போது இது நடக்கிறது. சுட்டலையும் இணைப்பாக வைத்தால் இலக்கத்தோடு அதுவும் மாறும். ஆனால் வேர்ட் மென்பொருளில் அதைப் புதுப்பிக்கவேண்டும்: முழுவதையும் தெரிவுசெய்து `F9` அழுத்தவேண்டும். சுட்டப்பட்ட பிரிவே அழிக்கப்பட்டிருந்தால் `Error! Reference source not found.` என்று அங்கே விழும். அச்சிட்ட ஆவணத்தின் நடுவில் இந்த ஆங்கில வரியைக் கண்டால், அந்த இடத்தில் ஒரு பிரிவு இருந்து காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். அது எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

பாதுகாப்பான பழக்கம் ஒன்று உண்டு. இலக்கத்தோடு தலைப்பையும் எழுதச் சொல்லுங்கள்: "பிரிவு 13இன் கீழ் (நிலுவை காரணமாக முடிவுறுத்தல்)". இலக்கம் பிசகினாலும் தலைப்பு உண்மையைச் சொல்லும்.

வீட்டில் இருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். ஆவணத்தின் இறுதி வரைவை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசித் திரையில் இதைச் செய்ய முடியாது.

முதலில், "அட்டவணை", "பின்னிணைப்பு", "பிரிவு", "படம்" என்ற சொற்கள் வரும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் தாளில் ஒரு வரி: எந்தப் பக்கத்தில் இருந்து எதைக் கூப்பிடுகிறது. பிறகு கூப்பிடப்பட்ட இடத்துக்குப் போய் வாசியுங்கள். அங்கே இருப்பது, கூப்பிட்டவர் சொன்னதுதானா? பிரிவு 16இல் உள்ள சுட்டலை 12க்குப் போய்ப் பார்த்திருந்தால் ஆதன வரி ஒரு நிமிடத்தில் அகப்பட்டிருக்கும்.

அடுத்து எதிர்த்திசையில் போங்கள். கடைசியில் உள்ள ஒவ்வொரு அட்டவணையையும் எடுத்து, இதைக் கூப்பிட்டது எந்தப் பிரிவு என்று தாளில் தேடுங்கள். ஒருவரும் கூப்பிடாத அட்டவணை இருந்தால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும். கூப்பிட்ட பின்னிணைப்பு கட்டில் இல்லையென்றால், அது வரும்வரை பேனாவை எடுக்கக்கூடாது. "பிறகு இணைப்போம்" என்பது, நீங்கள் பார்க்காத ஒன்றுக்கு இப்போதே ஒப்பமிடுங்கள் என்பதற்குச் சமம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு தொகை, திகதி, பரப்பளவு, பட இலக்கம் ஆகியவை ஆவணத்தில் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பட இலக்கத்தைப் படத்தின் மீதே வாசித்து ஒப்பிடவேண்டும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் உடன்படிக்கை தரப்பட்டால், இரண்டில் எது மேலோங்கும் என்ற வாசகத்தைத் தேடுங்கள். ஆங்கிலமே மேலோங்கும் என்று இருந்தால், தமிழ்ப் பிரதி வாசித்து விளங்குவதற்கு மட்டும்தான். அப்போது இலக்கங்களையாவது ஆங்கிலப் பிரதியில் நேரே ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கத்துக்கு மொழி தேவையில்லை.

பிழை கண்டால்

ஒப்பமிட முன்னர் கண்டால் வேலை இலகு. புதிதாக அச்சிடச் சொல்லவேண்டும். பேனாவால் வெட்டித் திருத்துவதானால், அந்த வெட்டும் செருகலும் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் உள்ளன என்பதை நொத்தாரிசு தமது அத்தாட்சியுரையில் குறிப்பிடவேண்டும். அங்கே குறிப்பிடப்படாத திருத்தம் பின்னர் சந்தேகத்துக்குரியதாகிவிடும். பின்னிணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் ஒப்பமிடுவது நல்லது. பின்னர் ஒரு தாள் மாறினால் அது தெரியும்.

ஒப்பமிட்ட பின்னர் கண்டால், உங்கள் பிரதியில் நீங்களே எழுதிவைப்பதால் பயனில்லை. நிறுவன அதிகாரி மின்னஞ்சலில் "ஓம், அது தட்டச்சுப் பிழை" என்று ஒத்துக்கொள்வது பின்னர் உதவக்கூடும், ஆனால் உறுதியை அது மாற்றாது. எல்லாத் தரப்பும் சேர்ந்து, அதே முறையில் நொத்தாரிசு முன்னிலையில், திருத்த உறுதி ஒன்றை எழுதவேண்டும். மூல உறுதியின் இலக்கம், திகதி, பிழையான வாசகம், அதற்குப் பதிலான வாசகம் நாலும் அதில் இருக்கவேண்டும். மூல உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால் திருத்தத்தையும் பதியவேண்டும். இல்லையேல் காணியைப் பின்னர் பார்க்க வருபவர் பழைய பிழையை மட்டுமே காண்பார். வெளிநாட்டில் உள்ள உரித்தாளர் சார்பில் ஒப்பமிடுபவர், தமது அற்றோணித் தத்துவம் திருத்த உறுதி எழுதவும் அதிகாரம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் ஒன்றை நாடலாம். போகும்போது உடன்படிக்கையோடு பென்சிலால் எழுதிய அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். "இது சரியா" என்று முழுக் கட்டையும் நீட்டுவதை விட, "16ஆம் பிரிவு 12ஐச் சுட்டுகிறது, 12இல் ஆதன வரி இருக்கிறது" என்று காட்டினால் பதில் அன்றைக்கே கிடைக்கும்.

நான் பார்த்த உடன்படிக்கை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பிரிவு 1 இப்போது இரண்டாம் அட்டவணையைச் சொல்கிறது, லாச்சத்துக்குப் பக்கத்தில் "வரகு" என்ற சொல் வந்துவிட்டது, 16ஆம் பிரிவு 13ஐச் சுட்டுகிறது, பட்டியலின் அடியில் இருந்த சிறிய வரி போய்விட்டது. வாடகை இரண்டு வருடத்துக்கா, மூன்று வருடத்துக்கா கூடவேண்டும் என்பதில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. அது தட்டச்சுப் பிழையாக இருக்கவில்லை. இரு தரப்பும் வேறு வேறாக நினைத்துக்கொண்டிருந்த விடயம் அது. ஒப்பமிட்ட மூன்றாம் வருடத்தில் வெளிவந்திருக்க வேண்டியது ஒப்பமிடும் முன்னரே மேசைக்கு வந்துவிட்டது.